புதிதாகப் பொறுப்பேற்கும் செஷன்ஸ் நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நீதிபதிகளுக்கு,

மாவட்ட நீதிமன்றத்தில் எதிரி தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு, வாதாடுகிற வழக்கறிஞர் நான். சாட்சிக் கூண்டில் நிற்பவரிடம் நீங்கள் கேட்கும் கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல்.

நம் முறையில் சாட்சியத்தைத் திரட்டுவது போலீஸ், முன்வைப்பது அரசு வழக்கறிஞர், உடைத்துப் பார்ப்பது நாங்கள். நீதிபதி இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறார். பிரான்சில் அப்படியில்லை. கொலை போன்ற பெரிய குற்றங்களில் புலனாய்வையே ஒரு நீதிபதி நடத்துகிறார். குற்றத்தைக் காட்டும் ஆதாரத்தையும் குற்றமின்மையைக் காட்டும் ஆதாரத்தையும் அவரே தேட வேண்டும் என்பது அங்கே சட்டம். அவர் கட்டிய கோப்பைப் படித்துவிட்டு வரும் வேறொரு நீதிபதி, விசாரணையில் முதல் ஆளாகக் கேள்வி கேட்கிறார். அதாவது கோப்பைக் கட்டுபவர் ஒருவர், தீர்ப்புச் சொல்பவர் இன்னொருவர்.

நீதிபதி வாய் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வடோதராவின் பெஸ்ட் பேக்கரி வழக்கே போதும். 2002 மார்ச்சில், குஜராத் கலவரத்தின்போது அங்கே 14 பேர் கொல்லப்பட்டார்கள். சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள், 2003 ஜூனில் குற்றம் சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலை. பயந்து பொய் சொன்னதாக முக்கிய சாட்சி பிறகு கூறினார். 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, மகாராஷ்டிரத்தில் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. விசாரணை நீதிமன்றம் வெறும் பார்வையாளராக இருந்துவிட்டது என்பது அதன் முக்கியக் கண்டனம். 2006-இல் மும்பையில் 9 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் 5 பேரை 2012-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

அப்படியானால் பிரெஞ்சு முறையைக் கொண்டுவந்துவிடலாமா? குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்துக்கு அமைக்கப்பட்ட நீதிபதி மலிமத் குழு 2003-இல் அந்தத் திசையில்தான் கை காட்டியது. ஆனால் அதே காலத்தில் வட பிரான்சின் ஊத்ரோவில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்ற வழக்கு. இளம் புலனாய்வு நீதிபதி ஒருவர் ஒரு தாயின் வாக்குமூலத்தை நம்பி, அவர் பெயர் சொன்னவர்களை எல்லாம் வழக்கில் சேர்த்தார். குற்றம் சாட்டியவர்களைத் தனித்தனியாக எதிரே நிறுத்துங்கள் என்று எதிரிகள் கேட்டார்கள், கிடைக்கவில்லை. சேர்ந்து நின்றவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் தாங்கிப்பிடித்தார்கள். 2004-இல் வழக்கு திறந்த நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கேதான் அந்தத் தாய், தான் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டார். முதலில் 7 பேர், 2005 டிசம்பரில் மேல்முறையீட்டில் மீதி 6 பேர் என்று மொத்தம் 13 பேர் விடுதலையானார்கள். இன்னொருவர் தீர்ப்புக்கு முன்பே சிறையில் இறந்துபோனார். உண்மையைத் தேடும் வேலை ஒரே ஆளிடம் இருந்தால், அவர் முதலில் நம்பியதைச் சோதிக்க ஆள் இருக்காது.

இப்போது உங்கள் அதிகாரத்துக்கு வருகிறேன். எந்தச் சாட்சியிடமும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் கேள்வியையும் நீங்கள் கேட்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 165-ஆம் பிரிவு, இன்றைய சாக்‌ஷிய அதிநியத்தின் 168. கேள்விக்கு நாங்கள் ஆட்சேபம் சொல்ல முடியாது. உங்கள் அனுமதி இல்லாமல் அந்தப் பதிலைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது. நியாயமான முடிவுக்குத் தேவையென்றால் சாட்சியை மறுபடி அழைப்பது உங்கள் கடமை என்கிறது நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 348. பிரெஞ்சு நீதிபதியின் கேள்வி அதிகாரம் கிட்டத்தட்ட முழுசாக உங்களிடம் இருக்கிறது. அங்கே இருக்கும் ஆள் பிரிவினைதான் இங்கே இல்லை. கேட்பவரும் நீங்கள், தீர்ப்பவரும் நீங்கள்.

அதனால் கேள்வி கேளுங்கள் என்றே சொல்கிறேன். மகஜர் சாட்சி 'கையெழுத்து என்னுடையதுதான், மற்றது தெரியாது' என்றால், எங்கே வைத்துப் போட்டீர்கள், அப்போது யார் இருந்தார்கள், தாளில் எழுத்து இருந்ததா என்று நீங்கள் கேட்பது சாட்சியைத் தெளிவாக்கும். 'உண்மையைச் சொல், இல்லாவிட்டால் உள்ளே போவாய்' என்பது வேறு ரகம். பிறழ்ந்த சாட்சிகளைச் செஷன்ஸ் நீதிபதி அப்படி மிரட்டிய ராம் சந்தர் வழக்கில், 1981-இல் உச்ச நீதிமன்றம் எதிரிகளை விடுவித்தது. பதிவு செய்யும் இயந்திரமாக இருக்காதீர்கள், மிரட்டவும் செய்யாதீர்கள் என்று இரண்டையும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

நான் கேட்பது இரண்டு பழக்கங்கள். நீங்கள் கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் சுருக்காமல், நீதிமன்றக் கேள்வி என்று குறித்து அப்படியே பதியச் சொல்லுங்கள். உடனே இரு தரப்பையும் பார்த்து, இந்தப் பதில் மீது குறுக்கு விசாரணை உண்டா என்று கேளுங்கள். நாங்கள் எழுந்து அனுமதி கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். எங்களில் பல ஜூனியர்கள், ஐயா கோபப்படுவாரோ என்று எழுந்திருக்கவே மாட்டார்கள்.

அப்புறம், புலனாய்வு அதிகாரி எழுதிவரும் கேஸ் டைரி. அதை வரவழைத்துப் படிக்க உங்களுக்கு அதே சன்ஹிதாவின் 192-ஆம் பிரிவில் உரிமை உண்டு, ஆனால் அது சாட்சியம் ஆகாது. சாதாரணமாக எங்களுக்கு அது கண்ணில் படாது. அதில் உள்ளதை வைத்துப் புலனாய்வு அதிகாரியை நீங்கள் முரண்படுத்தினால், அந்தப் பக்கத்தைப் பார்க்கும் உரிமை எங்களுக்கு வந்துவிடுகிறது. அப்படிக் கேட்கும் நாளில் அந்தப் பக்கத்தை எங்கள் மேஜைக்கும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குற்றவியல் வழக்கறிஞர்