'மது வாடை' என்ற ஒரு வரி: காப்பீட்டு ஆணையத் தலைவருக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். எவற்றுக்குப் பணம் கிடையாது என்று சொல்லும் மருத்துவக் காப்பீட்டு விலக்குகளுக்கு ஒரே வாசகம் வகுத்து 2019 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது தங்கள் ஆணையம்தான். அதில் 12ஆம் விலக்கு எதற்காக எழுதப்பட்டது என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடிநோய், போதைப் பழக்கம், அடிமைப் பழக்கம் ஆகியவற்றுக்கான சிகிச்சையும் அவற்றின் விளைவுகளும் என்பதே அதன் பொருள். என்றோ ஒரு நாள் குடித்தவரின் கால் எலும்பு முறிந்தால் அது குடிநோயின் விளைவு ஆகிவிடுமா?

என் அக்காவின் கணவர் ஒரு திருமண வரவேற்பு முடிந்து நண்பரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். குடித்திருந்தார், மறைக்கவில்லை. வண்டியை ஓட்டிய நண்பர் குடிக்காதவர். பின்னால் வந்த வேன் இடித்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. முதல் தகவல் அறிக்கை வேன் ஓட்டுநர் மீது பதிவானது. 108இல் அரசு மருத்துவமனைக்குப் போனபோது பணி மருத்துவர் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். காப்பியில் 'மது வாடை உள்ளது' என்று ஒரு வரி எழுதினார். ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கவில்லை. அந்த வரி அப்படியே தனியார் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போனது.

பிளேட் வைத்து அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் மாலையில்தான், கேஷ்லெஸ் கிடையாது, விலக்கு 12 என்று, காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளைம்களைக் கவனிக்கும் டி.பி.ஏ.விடமிருந்து பதில் வந்தது. பில் கட்டாமல் வெளியே விட மாட்டார்கள். அக்கா எதிரே இருந்த நகைக்கடன் கடைக்குப் போனாள். வளையல் கழலவில்லை. கடைக்காரர் கொடுத்த சோப்பு நீரில் கையை நனைத்து அதைக் கழற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வருடா வருடம் தவறாமல் பிரீமியம் கட்டியவள் அவள்.

ஐயா, வாடை அளவாகாது. வாடை, தள்ளாட்டம், குழறிய பேச்சு இவற்றை மட்டும் வைத்து ஒருவர் குடிபோதையில் இருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என உச்ச நீதிமன்றம் 1971லேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. தலையில் அடிபட்டவருக்கும் பேச்சு குழறும். அளவு தெரிய வேண்டுமானால் ஸ்பிரிட் படாத பஞ்சால் தோலைத் துடைத்து, சோடியம் ஃபுளோரைடு இட்ட குழாயில் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நேரம் போகப் போக ரத்தத்தில் மது குறைந்துவிடும் என்பதால் உடனே எடுக்க வேண்டும். வண்டி ஓட்டுபவருக்கே 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால்தான் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு எந்த அளவை வைத்துப் பணத்தை மறுத்தார்கள்?

பரிசோதனை இல்லாவிட்டாலும் வேறு சான்றுகளால் போதையை நிறுவலாம் என்ற 2021 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காப்பீட்டு நிறுவனங்கள் எடுத்துக்காட்டுகின்றன. அது கார் சேதத்துக்கான பாலிசி, அதுவும் ஓட்டுநரைப் பற்றியது. அதிலும் நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்குத்தான். ஆகவே என் கோரிக்கை இதுதான்: ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாமலும், மதுவால்தான் காயம் நேர்ந்தது என்று நிறுவாமலும் மதுவைக் காட்டி எந்தக் கிளைமையும் மறுக்கக் கூடாது.

மற்ற விலக்குகளையும் இப்படித்தான் இழுக்கிறார்கள். சாகச விளையாட்டு பற்றிய 9ஆம் விலக்கு தொழில்முறையாக விளையாடுபவர்களுக்கு மட்டும். சுற்றுலா போன இடத்தில் ஒரு முறை பாராகிளைடிங் செய்து காலை முறித்துக்கொண்ட கல்லூரி மாணவருக்கு அதைக் காட்டலாமா? சட்டத்தை மீறியது பற்றிய 10ஆம் விலக்கில் 'குற்ற நோக்கத்துடன்' என்ற சொல் இருக்கிறது. ஹெல்மெட் போடாதது தவறு, ஆனால் குற்ற நோக்கம் இல்லை. கவனக்குறைவே இல்லாத விபத்துக்கு மட்டும்தான் பணம் என்றால் எத்தனை விபத்து தேறும்? ஏஜென்ட் பாலிசி விற்க வந்தபோது இதில் ஒரு வார்த்தைகூட எங்களிடம் சொல்லவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். கிளைமை மறுக்கும் முன் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தர வேண்டும், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறோம் என்று விளக்க வேண்டும் என 2024 மே மாதச் சுற்றறிக்கையில் தாங்களே பணித்திருக்கிறீர்கள். எங்களுக்கு வந்த கடிதத்தில் விலக்கின் எண் இருக்கிறது, எந்தக் குழு பார்த்தது என்பது இல்லை. நிறுவனத்துக்குப் புகார் அனுப்பிவிட்டோம். அவர்கள் திருத்தாவிட்டால் காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் சென்னை ஓம்பட்ஸ்மனிடம் போவோம். ஆனால் வீட்டுக்கு வீடு ஓம்பட்ஸ்மனிடம் நடக்க முடியாது.

12ஆம் விலக்கு ஒரு தடவை குடித்தவரின் விபத்துக் காயத்துக்குப் பொருந்தாது என்றும், ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாத 'மது வாடை' குறிப்பு மறுப்புக்குக் காரணமாகாது என்றும் எல்லா நிறுவனங்களுக்கும் டி.பி.ஏ.க்களுக்கும் எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாலிசிதாரரின் தம்பி