எல்சி கைக்கு வந்ததுமே நூலுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் திருப்பூர் தம்பி, தங்கைகளுக்கு

வணக்கம்.

நீங்கள் ஏற்றுமதிக்குப் புதிது. நான் இருபது வருஷமாக ஷிப்பிங் டாக்குமென்ட் போடுகிறவன். எல்சி வந்தாலே பணம் வந்த மாதிரி என்று உங்களில் சிலர் பேசிக்கொள்வதைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எல்சி, அதாவது லெட்டர் ஆஃப் கிரெடிட் என்பது பையர் தரும் வாக்கு அல்ல, பையருடைய பேங்க் தரும் வாக்கு. கேட்ட காகிதங்களைக் கேட்டபடி, கெடுவுக்குள் கொடுத்தால் பணம் தருவேன் என்கிறது. அப்படிக் கொடுத்துவிட்டால், பையர் மனம் மாறினாலும் பேங்க் பின்வாங்க முடியாது. பையருக்கும் இதில் காவல் உண்டு. சரக்கு கப்பலேறியதற்கான பில் ஆஃப் லேடிங் பேங்க் கைக்கு வராமல் அவர் பணம் போகாது.

ஆனால் பேங்க் பார்ப்பது காகிதத்தை மட்டும்தான், சட்டையை அல்ல. இதை நான் கற்றுக்கொண்டது 12,000 டி-ஷர்ட்டில். மொத்தம் 36,000 டாலர். எல்சியில் ஷிப்மென்ட்டுக்குக் கடைசி நாள் ஜூன் 30. கார்ட்டன்கள் 27ஆம் தேதியே தூத்துக்குடி போய்விட்டன. 28ஆம் தேதி, சரக்கைக் கப்பலுக்கு அனுப்பித் தரும் ஃபார்வர்டர் போன் செய்தார், ஃபீடர் கப்பல் தாமதமாம். பையருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன், "ஓகே" என்று பதில் வந்தது. சரி என்று இருந்துவிட்டேன். பில் ஆஃப் லேடிங்கில் விழுந்த ஆன் போர்டு தேதி, ஜூலை 2.

காகிதங்களைப் பார்த்துச் சொல்ல பேங்குக்கு, எல்சிகளுக்கான சர்வதேச விதிகளான யுசிபி 600-இன்படி ஐந்து வேலை நாள் உண்டு. அதற்குள்ளேயே டிஸ்கிரிபன்சி, அதாவது காகிதம் எல்சியோடு ஒத்துப்போகவில்லை என்று தகவல் வந்துவிட்டது. இனி பையர் ஒப்புக்கொண்டால்தான் பணம். "ஓகே" சொன்ன அதே பையர் 10 சதவீதம் குறைக்கச் சொன்னார். சரக்கோ நடுக்கடலில். 3,600 டாலரை விட்டுக்கொடுத்தேன்.

28ஆம் தேதியே எல்சிக்கு அமெண்ட்மென்ட், அதாவது திருத்தம் கேட்டிருக்க வேண்டும். அது எல்சி திறந்த பேங்கிலிருந்து நம் பேங்க் வழியாக வந்தால்தான் செல்லும். பில் ஆஃப் லேடிங்கில் கெடுவுக்குள் வருகிற மாதிரி முன்தேதி போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது காதில் ஓதுவார்கள். அது மோசடி, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் பையர் பக்கம். பெட்டிக்குள் கந்தல் இருந்தாலும் காகிதம் சரியாக இருந்தால் பேங்க் பணம் கொடுத்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். அதனால் இன்ஸ்பெக்‌ஷன் சர்டிபிகேட் கேட்பார். அது நியாயம்தான். ஆனால் அதில் பையருடைய ஆளே கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருந்தால் உஷார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் உங்கள் எல்சிக்கு உயிர் இல்லை. பொதுவான இன்ஸ்பெக்‌ஷன் ஏஜென்சி என்று மாற்றித் தரச் சொல்லுங்கள்.

எல்சி நகலில் 44C என்ற இடத்தில் ஷிப்மென்ட் கடைசி தேதியும், 46A-இல் கேட்கும் காகிதங்களும் இருக்கும். துணி வெட்டும் முன்பே அந்த இரண்டையும் படித்துவிடுங்கள். துணி வெட்டிய பிறகு திருத்தம் கேட்டால் பையர் அவசரப்பட மாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் டாக்குமென்ட்காரன்