68-க்கும் 78-க்கும் நடுவில்

டர்பன், நவம்பர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. புரட்டாசி விரதம் முடிந்து வீட்டில் மறுபடி ஆட்டுக்கறி கொதிக்கத் தொடங்கிய கையோடு, ஆண்டிறுதித் தாள்களும் வந்து மேசையில் குவிந்துவிட்டன. அதனால்தான் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. மொரீஷியஸில் முதல்முறையாக முதுகலைத் தாள் திருத்துகிறாய் என்பதில் மகிழ்ச்சி. "எல்லாமே நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், யாருக்கு டிஸ்டிங்ஷன் போடுவது?" என்று கேட்டிருந்தாய். இந்த வாரம் நான் திருத்திய இரண்டு தாள்களையே சொல்கிறேன்.

கேள்வி ஒன்றுதான்: 1895-ல் அன்றைய நேட்டால் காலனியின் சட்டம் விதித்த 3 பவுண்டு வரி, ஐந்தாண்டு கூலி ஒப்பந்தம் முடிந்த நம் ஆட்களை மறுபடி கரும்புத் தோட்டத்துக்குத் தள்ளியதா? சட்டம் உனக்குத் தெரியும். ஒப்பந்தம் முடிந்தால் கப்பலேறி ஊர் திரும்பலாம், மறு ஒப்பந்தம் எழுதலாம், இரண்டும் வேண்டாம் என்றால் ஆண்டுக்கு 3 பவுண்டு கட்ட வேண்டும்.

முதல் தாளில் பிழை என்று ஒன்றுமில்லை. சட்டம், வரி, காந்தி, 1912-ல் கோகலே வந்தது, 1913 வேலைநிறுத்தம், 1914-ல் வரி நீக்கம் என்று வரிசை தவறாமல் போகிறது. நிறையப் படித்திருக்கிறான் பையன், மேற்கோள்களும் சுத்தம். ஆனால் ஒரு பத்திக்கு ஓர் ஆய்வாளர் என்று அடுக்கியிருக்கிறான். நடுவிலுள்ள இரண்டு பத்திகளை இடம் மாற்றி வைத்துப் படித்துப் பார்த்தேன், எதுவும் கெடவில்லை. முன் பத்தியில் சொன்னது பின் பத்திக்குத் தேவைப்படவே இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? 68 போட்டேன்.

இரண்டாவது தாள் ஒரு கணக்கில் தொடங்குகிறது. ஆண் தொழிலாளிக்கு மாதக் கூலி முதல் ஆண்டு 10 ஷில்லிங், ஐந்தாம் ஆண்டு 14. வரி 3 பவுண்டு, அதாவது 60 ஷில்லிங். ஆக, கடைசியாக வாங்கிய கூலியில் நான்கு மாதத்துக்கும் மேல் வரிக்கே போய்விடும். மனைவிக்கும் வரி உண்டு என்பதால் தம்பதிக்கு இரட்டிப்பு. இவ்வளவும் கெட்டிக்கார மாணவர் யாராயினும் எழுதுவார்கள்தான். அதை எழுதிய பெண் இங்கே நின்று ஒரு சந்தேகம் கேட்கிறாள். இந்தச் சட்டத்தின் கீழ் வந்தவர்களின் ஐந்தாண்டு முடிவது 1901 வாக்கில். போயர் போர் 1902-ல் முடிந்த பிறகு நேட்டாலில் மந்தம் வந்து வெளிவேலை அருகிப்போகிறது. அப்படியானால் அவர்களைத் தோட்டத்துக்குத் திருப்பியது வரியா, வேலையில்லாமையா?

இதைப் பிரிக்க அவள் கண்டுபிடித்த வழிதான் எனக்குப் பிடித்தது. சட்டத்துக்கு முன்பே கப்பலில் வந்தவர்களுக்கு இந்த வரி கிடையாது, ஆனால் மந்தம் அவர்களுக்கும் உண்டு. அதே மந்தக் காலத்தில் அவர்களும் மறு ஒப்பந்தம் எழுதினார்களா என்று பார்த்தால் வரியின் பங்கு தனியே தெரியும். புதிய ஆவணம் எதுவும் அவள் தோண்டி எடுக்கவில்லை. எல்லோரும் படித்த சட்டத்தில் "இனி வருவோருக்கு" என்ற வரம்பை மட்டும் கவனித்திருக்கிறாள். சுயசிந்தனை என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதுகிறோமே, அது பெரும்பாலும் இவ்வளவு சின்னதாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஒரே ஒரு தோட்டத்தின் பதிவேட்டை எடுத்து இரு வகையினரையும் எண்ணிப் பார்த்தாள். விடை தெளிவாக வரவில்லை. முன்பே வந்தவர்களுக்கு அதற்குள் வயதாகியிருக்கும், சொந்தமாகக் காய்கறித் தோட்டம்கூட இருந்திருக்கலாம், அதனால் இந்த ஒப்பீடு ஓரளவுக்குத்தான் செல்லும் என்று அவளே எழுதிவிட்டாள். முடிவிலும் "வரி தள்ளியது" என்று அடித்துச் சொல்லாமல், "வெளியே வேலை கிடைக்காத ஆண்டுகளில் வரி தாங்க முடியாததானது" என்கிறாள். காந்திக்கு ஒரே ஒரு வாக்கியம். அவரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதத் தெரிந்தும் கேள்விக்கு வேண்டாம் என்று விட்டிருக்கிறாள் என்பது அடிக்குறிப்புகளில் தெரிகிறது. 78 போட்டேன். எங்களிடம் 75-லிருந்து டிஸ்டிங்ஷன்.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. வரியே ஒரு பொருட்டல்ல, எல்லாம் பிற்காலத்தில் ஊதிப் பெருக்கிய கதை என்று தடாலடியாகத் தொடங்கியது. படிக்கச் சுவாரசியம்தான். ஆனால் எதிர்ச்சான்று வரும் இடத்திலெல்லாம் நழுவிப் போகிறது, மேலே சொன்ன கூலிக் கணக்கின் பக்கமே வரவில்லை. 61.

நீயும் ஏமாறக்கூடும் என்பதால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மொழிநடையில் மயங்கி ஒரு தாளுக்கு 76 போட்டுவிட்டேன். வெளித்தேர்வாளர் அதை 69 ஆக்கி, ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: "இவருடைய வாதம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" தேடினேன், நண்பா. உண்மையிலேயே இல்லை. அன்றிலிருந்து முடிவுரையை முதலில் படித்துவிட்டு, அதற்கு வேலை செய்யாத பத்திகளின் ஓரத்தில் பென்சிலால் கோடு போடுகிறேன். அந்தப் பெண்ணின் தாளில் இரண்டு கோடு, பையனுடையதில் ஏழு.

உன்னிடம் இழுபறியாக நிற்கும் தாள் ஒன்றிரண்டு இருந்தால் மாணவர் பெயரை மறைத்து அனுப்பு, பார்க்கிறேன். தைப்பூசத்துக்கு இங்கே வருவதாகப் போன வருடமே சொன்னாய். அம்கேனி ரோடு கோயிலுக்கு இந்த முறையாவது சேர்ந்து போவோமா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்