எட்டரைக் கிலோ சுருளுக்குக் கணக்குக் கேட்பவர்களுக்கு

பிளாக்கைக் கொடுத்து ஜாப் ஒர்க் செய்யச் சொல்லும் நிறுவனங்களின் பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் பிரிவினருக்கு,

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்று வி.எம்.சி. மெஷின் வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் எழுதுகிறேன். போன மாதம் உங்களில் ஒருவரிடமிருந்து ஒரு டெபிட் நோட் வந்தது. பிளாக்கைக் குடையும்போது உதிர்ந்து, நான் திருப்பி அனுப்பிய அலுமினியச் சுருளில் 26 கிலோ 600 கிராம் குறைகிறதாம், அதற்கான தொகையை பில்லில் பிடித்துக்கொள்கிறார்களாம். தொகை பெரிதில்லை. ஆனால் போனில் பேசிய ஸ்டோர்ஸ் தம்பி, "அண்ணே, காயலான் கடைக்கு எவ்வளவு போச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உருப்படி ஒரு தட்டு மாதிரி இருக்கும். நீளம் 290 மி.மீ., அகலம் 190, உயரம் 55. அடித்தளம் 4 மி.மீ. கனம். சுற்றுச் சுவரும் நடுவில் ஓடும் ரிப்களும் 3 மி.மீ. மற்றதெல்லாம் பள்ளம். முடித்து, பிசிறு எடுத்து, துடைத்து எடை போட்டால் 1.26 கிலோ. இதற்கு நீங்கள் அனுப்பியது 6061 அலுமினிய பிளாக், 40 எண்ணிக்கை. சலானில் மொத்தம் 412 கிலோ என்று இருந்தது. அதாவது ஒன்று 10.3 கிலோ.

ஒரு பிளாக்கை எடுத்து அளந்தேன். 301க்கு 201க்கு 60. அலுமினியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். பெருக்கினால் 9.8 கிலோ வருகிறது. தராசும் அதையேதான் சொல்லியது. அப்படியானால் மீதி அரைக் கிலோ எங்கே? உங்கள் ரம்பத்தில்தான். பெரிய பிளேட்டை எடை போட்டு வாங்கி, அதை உங்கள் யார்டில் அறுத்து, ஓரத் துண்டை ஒதுக்கிவிட்டு, வாங்கிய எடையை 40ஆல் வகுத்து எனக்குச் சலான் போட்டிருக்கிறார்கள். அறுத்த தூளும் ஓரத் துண்டும் உங்களிடமே இருக்கின்றன. அவற்றின் எடை மட்டும் என் தலையில். 40 பிளாக்குக்கு அது 20 கிலோ.

இந்த ஒரே உருப்படியில் எத்தனை சதவீதம் சுருளாகப் போகிறது என்று கேட்டால் மூன்று பதில் சொல்லலாம், மூன்றும் சரிதான். டிராயிங்கில் உள்ள வெளி அளவுக்குள் அடங்கும் கட்டியை வைத்துக் கணக்கிட்டால் அது 8.18 கிலோ, சுருள் 84.6 சதவீதம். என் மெஷினில் ஏற்றிய பிளாக்கை வைத்தால் 87.1. உங்கள் சலான் எடையை வைத்தால் 87.8. கடைசி இரண்டுக்கும் இடையில் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை, ரவுண்டு பண்ணிவிடலாம் என்று தோன்றும். அந்த முக்கால் சதவீதத்துக்குள்தான் என் 20 கிலோ ஒளிந்திருக்கிறது.

மீதி 6.6 கிலோவுக்கு நான் பொறுப்பு, மறுக்கவில்லை. ஒரு பிளாக்கிலிருந்து எட்டரைக் கிலோ சுருள் வருகிறது. கெட்டியாக இருந்தபோது மூன்று லிட்டர் சொச்சம் இடம் பிடித்தது, சுருளான பிறகு இரண்டு தண்ணீர் கேன் நிறைகிறது. 40 பிளாக் ஓட்டினால் பட்டறையில் கால் வைக்க இடம் இருக்காது. பெரும்பகுதியை அள்ளிவிடலாம். ஃபினிஷிங்கில் வரும் பொடி கூலன்ட் டேங்கின் அடியில் சேறாகத் தங்கிவிடும், கொஞ்சம் தரையைக் கூட்டும்போது இரும்புத் தூளோடு கலந்துவிடும். அதை உங்கள் மூட்டையில் போட்டால் காயலான் கடை பாய் காந்தத்தை விட்டுப் பார்த்து மொத்த மூட்டைக்கும் விலையைக் குறைப்பார். அதனால்தான் போடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய லாட்டில் மழை, அவசரம், கூலன்ட் வடிவதற்குள் மூட்டை கட்டி அனுப்பிவிட்டோம். உங்கள் தராசில் அதிகமாகவே காட்டியது. அப்போது ஒருவரும் போன் பண்ணி, "அண்ணே, எட்டு கிலோ கூட இருக்கே" என்று கேட்கவில்லை! இந்த முறை இரண்டு நாள் கூடையில் வடியவிட்டு அனுப்பினேன். குறைகிறது என்று நோட் வந்தது. ஈரத்தோடு எடை போட்டால் நீங்கள் வாங்குவதில் ஒரு பகுதி தண்ணீர்.

அடுத்தது ரேட் விஷயம். உங்களில் சிலர் முடிந்த உருப்படியின் எடைக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று பேசுகிறீர்கள். வார்ப்படம் வாங்கிப் பழகிய கை அது. வார்ப்படத்தில் எடைதான் வேலை. கட்டியிலிருந்து குடைந்தெடுக்கும் உருப்படியில் வேலை முழுக்க வெளியே போன எடையில் இருக்கிறது. போன வருடம் இதே தட்டின் சுவரை 3 மி.மீ.யிலிருந்து இரண்டரையாகக் குறைக்கலாமா என்று டிசைன் பிரிவு கேட்டது. உருப்படி 1.15 கிலோவாகிவிடும். சுருள் 87.1 சதவீதத்திலிருந்து 88.3 ஆகும், அவ்வளவுதான். வாங்கும் பிளாக் அதேதான், ஒரு கிராம்கூடக் குறையாது. ஆனால் கிலோ ரேட்டில் என் கூலி கிட்டத்தட்ட 9 சதவீதம் இறங்கும்.

வேலையோ கூடும். 51 மி.மீ. உயரமுள்ள சுவர் இரண்டரை மி.மீ. கனத்தில் நின்றால், கட்டர் பட்டதும் விலகும்; கட்டர் போனதும் திரும்ப வரும். மேல்பக்கம் தடித்தும் கீழே சரியாகவும் அளவு வரும், பக்கவாட்டில் அலை அலையாகக் கோடு விழும். மெஷின் கீச்சிடும் சத்தத்திலேயே ஆபரேட்டருக்குத் தெரிந்துவிடும். ஒரு பக்கம் முழுவதும் ஒரே மூச்சில் இறக்கக் கூடாது. மேலிருந்து கொஞ்சம் இந்தப் பக்கம், அதே ஆழத்துக்கு அந்தப் பக்கம், பிறகு அடுத்த படி என்று மாறி மாறி இறங்க வேண்டும். அப்போதுதான் இன்னும் குடையாத கீழ்ப்பகுதி சுவரைத் தாங்கிப் பிடிக்கும். அதற்கு நேரம் பிடிக்கும்.

சதவீதத்தைப் பார்த்து ரேட் பேசினாலும் ஏமாந்துபோவீர்கள். 80 சதவீதம் சுருள் என்றால் ஒரு கிலோ உருப்படிக்கு 5 கிலோ வாங்குகிறீர்கள். 90 என்றால் 10 கிலோ. காகிதத்தில் பத்துதான் கூடியது, வாங்கும் உலோகம் இரண்டு மடங்கு. 95க்குப் போனால் 20 கிலோ. ஆகவே ஒரு உருப்படிக்கு எத்தனை கிலோ வாங்குகிறோம் என்று எழுதிப் பாருங்கள், டிசைன் பிரிவும் பர்ச்சேஸும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேசலாம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அறுத்த பிறகு பிளாக்கை எடை போட்டு, அந்த எடையைச் சலானில் எழுதுங்கள். சுருளை வடிந்த பிறகு எடை போடுவோம், உங்கள் ஆள் ஒருவர் வந்து நிற்கட்டும். டேங்கிலும் தரையிலும் போவதற்கு இத்தனை என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்வோம். என் கணக்கில் அது சுருளில் 2 சதவீதம் வருகிறது. அப்புறம், கூலியை மெஷின் ஓடிய மணிக்குப் பேசுவோம்.

அந்த லாட்டோடு கூடுதலாக வந்த ஒரு பிளாக்கை இன்னும் மெஷினில் ஏற்றவில்லை. ஒரு உருப்படி ரிஜெக்ட் ஆனால் மாற்றுக்கு என்று நீங்கள் தனிச் சலானில் அனுப்பியது. சலானில் 10.3 என்று இருக்கிறது. அலுவலக மேசைக்குப் பக்கத்தில் தராசு மேலேயே வைத்திருக்கிறேன். எந்த நாள் வந்தாலும் பார்க்கலாம், டீ என் கணக்கு.

இப்படிக்கு,
அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைக்காரன்