Text17 யாருடைய எண்? ஆய்வுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வுப் பிரிவு இயக்குநர் அவர்களுக்கும், படிவம் தயாரிக்கும் கணினிப் பிரிவு நண்பர்களுக்கும்,

வணக்கம். "தவறான கைப்பேசி எண்ணை அளித்தது விண்ணப்பதாரரின் பொறுப்பு" என்று முடியும் உங்கள் கடிதம் கிடைத்தது. பகுதிநேர முனைவர் பட்டத்துக்கான என் விண்ணப்பம் என்ன ஆனது என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. நேர்காணல் குறுஞ்செய்தி எனக்கு வரவில்லை, என் நெறியாளருக்குப் போனது. நெறியாளர் அம்மா வெளியூரில் இருந்தார். இரண்டு நாள் கழித்து அவர் பார்த்து எனக்குச் சொன்னபோது நேர்காணல் முடிந்திருந்தது. என் எண் இருக்க வேண்டிய இடத்தில் அவர் எண் எப்படி வந்தது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

எனக்குப் பார்வை இல்லை. பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் திரையில் உள்ளதை வாசிக்கும், நான் விசைப்பலகையில் தட்டுவேன். மவுஸ் எனக்குப் பயன்படாது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக டேப் விசை, பின்னால் வர ஷிஃப்டும் டேபும், அவ்வளவுதான். வங்கிப் படிவம், வருமானவரி எல்லாம் இப்படித்தான் நிரப்புகிறேன்.

உங்கள் பிடிஎஃப் படிவத்தின் முதல் பக்கத்தில் என் கைப்பேசி எண்ணை அடித்தேன். சரியாக அடித்தேன், இருமுறை கேட்டுப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் நெறியாளரின் எண்ணைக் கேட்கும் கட்டம். அங்கே போனால் ஏற்கெனவே ஓர் எண் இருந்தது, என்னுடைய எண். நான்தான் ஏதோ தட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று அதை அழித்து, அம்மாவின் எண்ணை அடித்து, டேப் அடித்து நகர்ந்தேன். அந்த நொடியில் முதல் பக்கத்தில் இருந்த என் எண்ணும் அவர் எண்ணாக மாறிவிட்டது. மூன்றாம் பக்கத்தில் இருப்பவனுக்கு முதல் பக்கத்தில் நடந்ததை எந்த வாசிப்பானும் சொல்லாது.

காரணத்தைக் கண்டுபிடித்தது கணினி வேலை பார்க்கும் என் பழைய மாணவன். படிவத்தை அக்ரோபேட்டில் திறந்து, Prepare Form கருவியைச் சொடுக்கி, வலப்பக்கம் வரும் கட்டங்களின் பட்டியலை எனக்கு வாசித்துக் காட்டினான். Text15, Text16, அப்புறம் Text17#0, Text17#1. "சார், ரெண்டும் ஒரே பேரு சார்" என்றான். பிடிஎஃப்பில் ஒரே பெயர் கொண்ட எழுத்துக் கட்டங்கள் எத்தனை இருந்தாலும் அவை ஒரே கட்டம்தான். ஒன்றில் அடித்தது எல்லாவற்றிலும் வரும். உறுதிமொழியில் விண்ணப்பதாரரின் பெயர் தானாக வர வேண்டும் என்றால் வேண்டுமென்றே ஒரே பெயர் வைப்பார்கள், அதில் தவறில்லை. உங்கள் அலுவலகத்தில் நடந்தது வேறு. முதல் பக்கக் கட்டத்தை நகலெடுத்து மூன்றாம் பக்கத்தில் ஒட்டிவிட்டு, பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள்.

கண் தெரிந்தவர்களுக்கும் இதே கட்டங்கள்தானே, அவர்கள் ஏன் புகார் செய்யவில்லை என்று கேட்பீர்கள். அவர்கள் எண் மாறுவதைப் பார்த்துவிட்டு, சலித்துக்கொண்டு, அச்செடுத்துப் பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பேனா வழி கிடையாது. ஆகவே என் முக்கியமான வேண்டுகோள்: அடுத்த படிவத்தை வெளியிடும் முன், உங்கள் அலுவலகத்தில் ஒருவர் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப் விசையால் மட்டும் அதை முதலிலிருந்து கடைசி வரை உண்மையான விவரங்களால் நிரப்பிப் பார்க்கட்டும்.

அப்படி நிரப்பினால் முகவரியிலேயே சிக்குவார். இடப்பக்கம் நிரந்தர முகவரி, வலப்பக்கம் தொடர்பு முகவரி என்று அருகருகே அமைத்திருக்கிறீர்கள். பார்க்க அழகாக இருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் பக்கத்தின் டேப் வரிசை Use Row Order என்று இருக்கிறது. அதாவது வரிவரியாக, இடமிருந்து வலமாக. நிரந்தர முகவரியின் கதவு எண்ணை அடித்து டேப் தட்டினால் தெருப்பெயர் வருவதில்லை, தொடர்பு முகவரியின் கதவு எண் வருகிறது. இன்னொரு டேப், நிரந்தர முகவரியின் தெரு. இன்னொன்று, தொடர்பு முகவரியின் தெரு. இப்படி ஊர் விட்டு ஊர் தாண்டி அஞ்சல் குறியீடு வரை. இரண்டு வீட்டுச் சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து, இருட்டில் கொடுத்த மாதிரி.

இதை Use Column Order என்று மாற்றினால் போதும் என்று உங்களுக்குத் தோன்றலாம். போதாது. அப்போது முகவரிக்குக் கீழே பக்கம் முழுக்க நீளும் கல்வித் தகுதி அட்டவணை உடைந்து போகும். பட்டம், பல்கலைக்கழகம், ஆண்டு, மதிப்பெண் என்று குறுக்கே போக வேண்டியது செங்குத்தாக இறங்கும். இரண்டும் கலந்த பக்கத்துக்குச் சரியான வழி Use Document Structure. முதலில், வாசிப்பு வரிசையைக் காட்டும் Tags பலகத்தில் ஒவ்வொரு கட்டமும் தன் தலைப்பை ஒட்டி, சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து நகர்த்த வேண்டும். பிறகு பக்கச் சிறுபடங்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, Page Properties போய், Tab Order பகுதியில் அதைக் குறிக்க வேண்டும். கட்டங்களின் பட்டியலில் இழுத்து இழுத்தும் டேப் வரிசையை மாற்றலாம், அது சீக்கிரம் முடியும். ஆனால் என் வாசிப்பான் பக்கத்தைப் படித்துக்கொண்டு போகும்போது டேகுகளின் வரிசையில்தான் போகும். டேப் ஒரு வழியும் வாசிப்பு இன்னொரு வழியும் போனால், கேட்கும் கேள்வி ஒன்று, நிற்கும் கட்டம் வேறு என்றாகிவிடும்.

அதுகூடப் பரவாயில்லை, நிற்கும் கட்டம் எது என்று தெரிந்திருந்தால். Tooltip என்று ஒரு புலம் இருக்கிறது. கட்டத்தின் மேல் வலது சொடுக்கு, Properties, General, அங்கே Name புலத்துக்குக் கீழே இருக்கும். மவுஸ் வைத்திருப்பவர்களுக்கு அது மிதந்து வரும் ஒரு சின்னக் குறிப்பு. எனக்கு அந்தக் கட்டத்தின் முகமே அதுதான். அது காலியாக இருந்தால் வாசிப்பான் கட்டத்தின் உள்பெயரைச் சொல்லும். ஆகவே உங்கள் முதல் பக்கம் என் காதில் விழுந்தது "Text3, Text4, undefined, undefined_2" என்றுதான். ஒரு கட்டத்தின் பெயர் மட்டும் ngah; என்று இருந்தது. வெகுநேரம் அது ஏதோ சுருக்கெழுத்து என்று நினைத்தேன். என் மாணவன் சிரித்துவிட்டான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் "பெயர்" என்று அடித்தால் உள்ளே இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தாமாம். கட்டங்களைத் தானாகக் கண்டுபிடிக்கும்படி அக்ரோபேட்டிடம் விட்டிருக்கிறீர்கள், அது பக்கத்தில் கிடைத்ததை எடுத்துப் பெயர் வைத்துவிட்டது. தமிழ் வளர்த்த நிறுவனத்தின் படிவத்தில் "பெயர்" என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி இது.

குறிப்பை எழுதும்போது ஒரு சின்ன விஷயம். "அஞ்சல் குறியீடு" என்று மட்டும் எழுதினால் போதாது, அந்தப் பக்கத்தில் அஞ்சல் குறியீடு இரண்டு இருக்கிறது. தாளில் மேலே இருக்கும் "நிரந்தர முகவரி" என்ற தலைப்பு, டேப் அடித்து வருபவன் காதில் விழாது. "நிரந்தர முகவரி, அஞ்சல் குறியீடு, 6 இலக்கம்" என்று யூனிகோடு தமிழில் எழுதுங்கள். உள்பெயர் ஆங்கிலத்தில் சுருக்கமாக இருக்கட்டும்: applicant.mobile, guide.mobile என்று. புள்ளி வைத்தால் அவை வெவ்வேறு தலைப்பின் கீழ் தனித்தனியாக நிற்கும், ஒன்றை இன்னொன்று விழுங்காது. இது எனக்கான சலுகை மட்டும் இல்லை. வந்த விண்ணப்பங்களை எல்லாம் திரட்டி ஒரு விரிதாளாக மாற்றினால், உங்கள் எழுத்தர் பார்க்கும் தலைப்புகள் இந்த உள்பெயர்கள்தாம். Text17 என்ற பத்தியில் இருப்பது யார் எண் என்று பாவம், அவருக்கும் தெரியாது.

கடைசிப் பக்கத்தில் ஐஎஃப்எஸ்சி எண்ணுக்குப் பதினொரு தனித்தனிக் கட்டங்கள். பதினொரு முறை டேப், பதினொரு பெயரில்லாக் குழந்தைகள். ஏழாவதில் தவறினேனா எட்டாவதிலா என்று தெரியாமல் மூன்று முறை திரும்பி வந்தேன். ஒரே கட்டம் போட்டு, Options பகுதியில் Comb of 11 characters என்று குறித்தால் தாளில் அதே பதினொரு அறைகள் தெரியும், எனக்கு அது ஒரே கட்டம். அந்தத் தேர்வு மங்கலாக இருந்தால், அங்கேயே உள்ள மற்றத் தேர்வுகளை நீக்கினால் உயிர் பெறும்.

நுழைவாயிலில் சாய்தளம் கட்டியிருக்கிறீர்கள். திறப்பு விழாப் படத்தை வரவேற்பறையில் மாட்டியிருப்பதாகச் சொன்னார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல், மின்னணு வழித் தகவலும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று அதன் 42ஆம் பிரிவு சொல்கிறது. சிமெண்டுக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம், டேப் வரிசைக்கு வைக்க முடியாது, அதுதான் சிக்கல் போலும். மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போகிறேன்.

சொல்ல வந்தது இது. என் மாணவன் ஒரு மாலை உட்கார்ந்து இவ்வளவையும் ஒரு பிரதியில் திருத்திவிட்டான். அதில் நிரப்பி உங்களுக்கு அனுப்பினேன். "அலுவலகப் படிவம் மாற்றப்பட்டுள்ளது, ஏற்க இயலாது" என்று வந்தது. சரி, விதி விதிதான். அப்படியென்றால் நீங்களே மாற்றுங்கள். விண்ணப்பதாரர்களிடம் இருக்கும் இலவச ரீடரில் கட்டத்தின் பெயரையோ குறிப்பையோ தொடவே முடியாது. இதைச் செய்யக்கூடிய ஒரே இடம் உங்கள் மேசை.

தயவுசெய்து மூன்று காரியம் செய்யுங்கள். இந்தப் படிவத்தை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டுத் திருத்தியதைப் போடுங்கள். வெளியிடும் முன் ஒருவர் மவுஸ் இல்லாமல், டேப் விசையால் மட்டும் முழுவதையும் நிரப்பிப் பார்க்கட்டும். முதல் பக்கத்து எண்ணும் மூன்றாம் பக்கத்து எண்ணும் வேறுவேறாகவே இருக்கின்றனவா என்று கடைசியில் திரும்பி வந்து பார்க்கட்டும். அடுத்த நேர்காணலுக்கு என்னையும் அழையுங்கள்.

தகவலை எப்போதும் போல அனுப்பினால் போதும், நெறியாளர் அம்மாவுக்குத்தான் வரும். இந்த முறை அவர் ஊரில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் சொந்த எண் இல்லாத விண்ணப்பதாரர்