அந்த 334 ரூபாய் வங்கியின் தவறு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பண ஆலோசனைப் பக்கத்தில், "12 லட்சம் வரை வருமானம் உள்ள ஓய்வூதியர் எவருக்கும் வரி இல்லை, வரவுச் சீட்டில் வரிப் பிடித்தம் இருந்தால் அது வங்கியின் தவறு" என்று எழுதியிருந்தீர்கள். அந்த 'எவருக்கும்' என்ற ஒரு சொல்லை நம்பி நான் பட்ட அவமானத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2018-இல் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். நான்கு ஆண்டுகளாக மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் மகள் வீட்டில் இருக்கிறேன். உங்கள் பக்கத்தைப் படித்த மறுநாளே வங்கியைப் போனில் பிடித்தேன். இங்கே காலை ஒன்பது என்றால் அங்கே பத்தரை, அதனால் அதிகாலையிலேயே எழுந்து உட்கார்ந்தேன். "மாதம் 334 ரூபாய் பிடிக்கிறீர்களே, பத்திரிகையைப் படிப்பதில்லையா?" என்று கேட்டேன். மறுமுனையில் இருந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டார்: "சார், நீங்க இப்போ எந்த நாட்டில இருக்கீங்க?"

12 லட்சம் வரை வரி இல்லாமல் போவதற்குக் காரணம் வருமான வரிச் சட்டத்தின் கீழ் தரும் தள்ளுபடி. அது இந்தியாவில் குடியிருப்பவருக்கு மட்டும். ஆண்டின் பெரும்பகுதியை வெளிநாட்டில் கழிக்கும் என் போன்றவருக்கு அது கிடையாது. 4 லட்சத்தைத் தாண்டியதுமே வரி தொடங்கிவிடும். ஆசிரியருக்குத் தெரியாததா இது? தெரிந்தும் விட்டுவிட்டீர்கள் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

சரி, கணக்கைப் பாருங்கள். என் அடிப்படை ஓய்வூதியம் 40,000. ஓய்வு பெறும்போது அதில் 40 சதவீதத்தைக் கம்யூட் செய்து மொத்தமாக வாங்கிவிட்டேன், ஆகவே 16,000 கழிகிறது, கைக்கு வருவது 24,000. அந்தப் பதினாறாயிரம் திரும்ப 15 ஆண்டு ஆகும், 2033 வரை காத்திருக்க வேண்டும். ஆனால் விலைவாசிக்கு ஈடாகத் தரும் அகவிலை நிவாரணத்தை இப்படிக் குறைந்த 24,000-க்குப் போடக் கூடாது, முழு 40,000-க்குத்தான். அப்போது நிவாரணம் 55 சதவீதம், அதாவது 22,000. இதை 24,000-க்குப் போட்டால் 13,200 என்று வரும். அப்போதுதான் வங்கி தவறு செய்கிறது என்று கத்தலாம். எனக்குச் சரியாகவே வந்தது: 24,000, 22,000, ஆக 46,000. ஆண்டுக்கு 5,52,000. நிலையான கழிவு 75,000 போனால் 4,77,000. நான்கு லட்சத்துக்கு மேல் உள்ள 77,000-க்கு 5 சதவீதம் 3,850, அதன் மேல் 4 சதவீத செஸ், மொத்தம் 4,004. பன்னிரண்டால் வகுத்தால் அந்த 334 வந்துவிடுகிறது! பிடித்தவர் தப்பே செய்யவில்லை, படித்த நான்தான் முட்டாள்.

இன்னொன்று. 2025 ஜூலை முதல் நிவாரணம் 58 சதவீதம் ஆனது, உத்தரவு வந்ததோ அக்டோபரில். அந்த மாதம் என் கணக்கில் 50,373 ரூபாய் வந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம். நவம்பரில் 46,773 ஆனதும் மனைவி, "பென்ஷனைக் குறைச்சுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டாள். குறைக்கவில்லை. உயர்வு மாதம் 1,200. மூன்று மாத நிலுவை 3,600 சேர்ந்து வந்து போனது, அவ்வளவுதான். வருமானம் ஏறியதால் வரியும் 427 ஆகியிருந்தது. இது எதையும் உங்கள் பக்கம் சொல்லவில்லை. சீட்டில் கடைசியில் இருக்கும் கூட்டுத்தொகையைப் பார்த்தால் போதுமாம்!

சீட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன. 1998-இல் அச்சடித்த நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியதற்கு இங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். அங்கே சென்னையில் 35 ஆண்டு உழைத்த எனக்கு வரும் சீட்டில் ஒரு தமிழ் எழுத்து கிடையாது. ஓய்வூதியம் நிற்காமல் வர, நவம்பர் தோறும் உயிரோடு இருக்கிறேன் என்று போர்ட் லூயிஸில் இந்திய உயர் தூதரகத்துக்குப் போய் நின்று சொல்லிவிட்டு வருகிறேன். அதைப் பற்றி எழுதிய என் முந்தைய கடிதம் எந்தக் குப்பைத் தொட்டியில் கிடக்கிறதோ!

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில், ஏதாவது ஒரு மூலையில் இரண்டு வரி போடுங்கள்: இந்த வரித் தள்ளுபடி இந்தியாவில் குடியிருப்பவருக்கு மட்டும் என்று. அந்த வங்கி இளைஞரிடம் மன்னிப்பு நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன்.

உங்கள் நெடுநாள் வாசகர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்