செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும், இனிமேல் வரவிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடலூரில் இவ்வாண்டும் பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் வாழ்த்துக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. செயற்குழு கூடிய நாட்களில் சிலவற்றில் போதிய எண்ணிக்கை இல்லாததால் தீர்மானம் எடுக்க இயலவில்லை.

கல்லூரி மாணவர்களுக்கான சமய உரையாடல் திட்டம் குறித்துச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. குத்துவிளக்கு, மும்மதப் பிரார்த்தனை, சிறப்பு விருந்தினர் எதுவும் இல்லாமல் இதற்குச் சங்கப் பணம் எதற்கு என்று சிலர் கேட்டதாக அறிந்தேன்; என்னிடம் நேரில் கேட்டிருந்தால் அப்போதே விடை சொல்லியிருப்பேன். மேடையில் மூவர் பேசிக் கைகுலுக்கினால் மாணவர்கள் கைதட்டிவிட்டுப் போவார்கள். ஆகவே அவர்களைச் சிறு வட்டங்களாக உட்கார வைத்து, முதல் அமர்விலேயே விதிகளை வாசித்து ஒப்புக்கொள்ளச் செய்தோம். தன் சமயத்தைப் பற்றி மட்டும், தன் பெயரில் மட்டும் பேச வேண்டும். மற்றவர் சொன்னதைத் தன் சொற்களில் திரும்பச் சொல்லி, பேசியவர் 'ஆம், அதுவே' என்று ஏற்ற பிறகே பதில் கூறலாம். பேச விருப்பமில்லாதவர் காரணம் சொல்லாமலே விலகலாம். நம் சமயத்தின் சிறந்ததைப் பிறர் சமயத்தின் மோசமானதோடு ஒப்பிடக் கூடாது என்ற நான்காவது விதி, ஸ்டாக்ஹோமில் ஆயராக இருந்த கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1985-இல் கூறிய மூன்று விதிகளுள் ஒன்று.

இரண்டாவது அமர்விலேயே இவ்விதிகளுக்குச் சோதனை வந்தது. திருப்பாதிரிப்புலியூரைச் சேர்ந்த சைவ மாணவர் ஒருவர், சமணர் தூண்டுதலால் அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் இட்டதையும் அவர் கரையேறியதையும் பெரியபுராணத்தின்படி உருக்கமாகச் சொன்னார். கரையேறவிட்டகுப்பம் நமக்குப் பக்கத்து ஊராதலால் வட்டத்தில் எல்லோரும் தலையசைத்தனர். திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணரான நயினார் குடும்பத்து மாணவர் மட்டும் முகம் இறுகி, மதுரையில் சமணர்களைக் கழுவேற்றிய கதையைச் சொல்ல வாயெடுத்தார். வழிநடத்திய நம் உறுப்பினர் (ஓய்வு பெற்ற ஆசிரியர்) பதிலை நிறுத்தி, முதலில் கேட்டதைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார். 'சமணர் கொடியவர் என்கிறீர்கள்' என்றார் நயினார் மாணவர். 'இல்லை, கைவிடப்பட்டவனுக்கும் துணை உண்டு என்கிறேன்' என்று சைவ மாணவர் மறுத்தார். மறுமுறை சொன்னபோதுதான் 'அதுவே' என்ற சொல் கிடைத்தது. அதன்பின் நயினார் மாணவர் கழுவேற்றத்தை எடுக்கவில்லை. அப்பர் தருமசேனர் என்ற பெயரில் சமண மடத்தில் தலைமை ஏற்றிருந்ததையும், பள்ளியில் அந்தப் பாடம் நடக்கும்போதெல்லாம் வகுப்பு தன்னைத் திரும்பிப் பார்த்ததையும் சொன்னார். கதையைச் சொன்ன மாணவருக்கு, தன் ஊர்க் கதையில் இன்னொரு பக்கம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

மதிப்பீட்டில் நம்பிக்கைக்கோ பக்திக்கோ மதிப்பெண் இல்லை. முதல் அமர்வுக்கு முன்பும் கடைசி அமர்வுக்குப் பின்பும் ஒரே கேள்விக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லி, இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தோம். நடந்ததை மட்டும் சொல்வது முதல் படி. தனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று காரணம் தேடுவது இரண்டாவது. தன் பார்வையை எதிரில் இருந்தவர் இடத்திலிருந்து பார்ப்பது மூன்றாவது. 'எல்லா மதமும் ஒன்றே' என்று அழகிய கையெழுத்தில் எழுதிய தாள்கள் பல முதல் படியிலேயே நின்றன. மனவருத்தம் இருந்தால்தான் புரிய வைத்தோம் என்று அர்த்தம் என எவரும் நினைக்க வேண்டாம். ஆனால் யாருக்கும் எந்த நெருடலும் இல்லாத வட்டத்தில் உரையாடல் நடக்கவில்லை, மரியாதைதான் நடந்திருக்கிறது. ஆசிரியர் விரும்புவதை ஊகித்து எழுதும் பழக்கத்தை இம்முறை முழுமையாகத் தடுக்காது. அதனால்தான் பொதுவான வாக்கியங்களை ஏற்காமல், எந்த அமர்வில் யார் சொன்ன எந்தப் பேச்சு என்று குறிப்பிட்டு எழுத வேண்டும் என வற்புறுத்தினோம். பெயருக்குப் பதில் எழுத்துக் குறி மட்டும்.

வட்டத்துக்கு ஒரு வழிநடத்துநர் தேவை. பெயர் கொடுத்த உறுப்பினர்களுள் பாதிப் பேர் வரவில்லை; வந்தவர்கள் இரு வட்டங்களைச் சேர்த்து நடத்தியபோது, திரும்பச் சொல்லும் விதிக்கு நேரம் போதாமல் போனது.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய சமமாகவே உள்ளன. விவரம் பொருளாளரிடம் உண்டு. பலரின் சந்தா இரண்டு ஆண்டாக நிலுவையில் இருப்பதால் தாள், தேநீர்ச் செலவை முன்பணமாகச் சிலர் ஏற்றனர். இடம் தந்த கல்லூரிக்கும், உதவிய அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இத்திட்டத்தைத் தொடர்வதா என்பது பொதுக்குழுவின் முடிவு. கல்லூரி ஜூலையில் பதில் கேட்டிருக்கிறது. வழிநடத்துநர் பயிற்சிக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஒதுக்கக் கூடியவர்கள் இன்றே பெயர் தரலாம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார், இரண்டையும் அங்கேயே முடித்துக்கொள்ள வசதி உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்